கண்டதை மட்டும் எழுதும் கடிதம்: பணியிடப் புகாரில் சக பணியாளரின் சாட்சியம்

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளான பெண் புகார் அளிக்கும்போது, அருகில் இருந்த சக பணியாளர் ஒருவர் எழுதித் தரும் ஆதரவுக் கடிதம் அந்தப் புகாரின் போக்கையே மாற்றக்கூடும். அதே கடிதம் புகாரைக் கவிழ்த்துவிடவும் கூடும். எங்களிடம் வரும் கடிதங்களில் பலவும், உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தினாலேயே பாதிக்கப்பட்டவருக்குப் பாதகமாகிவிடுகின்றன. எழுதியவர் தாம் பார்த்ததோடு நிற்காமல், கேட்டதையும் ஊகித்ததையும் நம்புவதையும் ஒரே மூச்சில் உண்மையென எழுதிவிடுகிறார். விசாரணையின்போது அவற்றில் ஒன்று பொய்த்துப்போனால் மற்றவையும் ஐயத்திற்கு உள்ளாகின்றன. இத்தகைய கடிதத்தை எவ்வாறு எழுத வேண்டும், அதன் எல்லை எது, அந்த எல்லை ஏன் புகார்தாரருக்கே வலிமை சேர்க்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக இங்கே விளக்குகிறோம்.

சட்டத்தில் இக்கடிதத்தின் இடம்

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ராஜஸ்தானில் பன்வாரி தேவிக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அடுத்துத் தொடரப்பட்ட விசாகா வழக்கில், 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளே இச்சட்டத்தின் அடிப்படை. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்கும் குறைவானோர் உள்ள இடங்களுக்கும், முதலாளியே குற்றம் சாட்டப்படும் நேர்வுகளுக்கும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு உண்டு. நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் எழுத்தில் தரப்பட வேண்டும். தாமதத்திற்குத் தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம்.

இச்சட்டத்தின் விதி 7, புகாரின் ஆறு படிகளோடு ஆதார ஆவணங்களும் சாட்சிகளின் பெயர், முகவரிகளும் இணைக்கப்பட வேண்டும் என்கிறது. சக பணியாளரின் கடிதம் இங்கேதான் இடம்பெறுகிறது. புகாரின் படி ஏழு வேலை நாட்களுக்குள் எதிர்மனுதாரருக்கு அனுப்பப்படும். அவர் பத்து வேலை நாட்களுக்குள் தம் பதிலையும் சாட்சிப் பட்டியலையும் தர வேண்டும். ஆகவே கடிதம் எழுதுபவர் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: கடிதம் யாரைப் பற்றியதோ அவர் அதைப் படிப்பார்.

கடிதம் தந்ததோடு சாட்சியின் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. சாட்சியை அழைக்கவும், உறுதிமொழியின் பேரில் விசாரிக்கவும், ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் குழுவுக்கு உரிமையியல் நீதிமன்றத்திற்குள்ள அதிகாரம் உண்டு. எதிர்மனுதாரருக்கும் சாட்சியைக் கேள்வி கேட்கும் வாய்ப்புத் தரப்பட வேண்டும். நேருக்கு நேர் நிறுத்தாமல், கேள்விகளை எழுத்தில் பெற்றுக் குழுவே கேட்பதும் உண்டு. எந்தத் தரப்பும் வழக்குரைஞரை அழைத்துவர முடியாது. எனவே கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் சாட்சி தனியாக அமர்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் சொல்ல முடியாத வரி கடிதத்தில் இருத்தல் கூடாது.

எடுத்துக்காட்டு: ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை

பின்வருவது விளக்கத்திற்காக நாங்கள் அமைத்துக்கொண்ட நிகழ்வு. ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் டெய்லராகப் பணிபுரியும் தலித் பெண் ஒருவர், தம் லைன் சூப்பர்வைசர் மீது புகார் அளிக்கிறார். நூல்கண்டு எடுக்க ஸ்டோர் அறைக்குச் சென்றபோது அவர் பின்தொடர்ந்து வந்து கையைப் பிடித்து இழுத்தார் என்பது முதன்மைக் குற்றச்சாட்டு. அதே லைனில் செக்கராக இருக்கும் பெண் ஆதரவாகக் கடிதம் எழுத முன்வருகிறார். அவருடைய முதல் கடிதம் இவ்வாறு இருக்கிறது:

"எங்கள் சூப்பர்வைசர் நடத்தை கெட்டவர். ஆறு மாதமாக என் தோழிக்குப் பாலியல் தொல்லை கொடுத்து வந்தார். மார்ச் 11ஆம் தேதி ஸ்டோர் அறையில் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தவறாக நடந்துகொண்டார். மறுநாள் எல்லார் முன்பும் சாதியைச் சொல்லித் திட்டினார். இவரால் எல்லாப் பெண்களும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். என் தோழி பொய் சொல்ல மாட்டாள். கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆயினும் விசாரணையில் மூன்றே கேள்விகளில் இது சரிந்துவிடும். நீங்கள் இந்த லைனுக்கு எப்போது வந்தீர்கள்? ஜனவரியில். அப்படியானால் ஆறு மாதமாக நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவள் சொன்னாள். ஸ்டோர் அறைக்குள் நீங்கள் இருந்தீர்களா? இல்லை. இதற்குப் பின், சாட்சி உண்மையில் பார்த்தது எதுவோ அதையும் குழு நம்பத் தயங்கும். எதிர்மனுதாரர் தம் பதிலில், "இருவரும் சேர்ந்து புனைந்த கதை" என்று எழுதுவார். அதற்கு இந்தக் கடிதமே சான்றாகக் காட்டப்படும்.

இனி வரியை வரியாகப் பிரித்துப் பார்ப்போம். "நடத்தை கெட்டவர்" என்பது கருத்து. "ஆறு மாதமாக" என்பது பிறர் சொல்லக் கேட்டது. "கையைப் பிடித்து இழுத்தார்" என்பதும் கேட்டதே. ஆனால் கண்டதைப் போல எழுதப்பட்டிருக்கிறது. "சாதியைச் சொல்லித் திட்டினார்" என்பது காதால் கேட்ட சொற்களின் சுருக்கம், சொற்கள் இல்லை. "எல்லாப் பெண்களும்" என்பது பொதுமைப்படுத்தல். "பொய் சொல்ல மாட்டாள்" என்பது நற்சான்று. கடைசி வரி தீர்ப்பு. சாட்சி தம் கண்ணால் கண்டது என்று சொல்லத்தக்க ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் அவரோடு அமர்ந்து, அன்று நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், எது கண்ணில் பட்டது என்று பொறுமையாகக் கேட்டால், அவரிடம் நிறையவே இருப்பது தெரியவருகிறது.

திருத்திய கடிதம்

"1. நான் இத்தொழிற்சாலையில் செக்கராகப் பணிபுரிகிறேன். 2025 ஜனவரியில் இந்த லைனுக்கு மாற்றப்பட்டேன். புகார் அளித்தவரின் இயந்திரம் என் மேசைக்கு இரண்டு வரிசை முன்னால் உள்ளது. நாங்கள் ஒரே வேனில் வேலைக்கு வருகிறோம். உறவினர் அல்லர். பிப்ரவரி மாதம் தாமதமாக வந்ததற்காகச் சூப்பர்வைசர் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்.

2. மார்ச் மாதத் தொடக்கத்தில், சம்பளம் கைக்கு வந்த மறுநாள் காலையில், சூப்பர்வைசர் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று இடது தோளில் கை வைத்ததைப் பார்த்தேன். அவர் தோளைச் சாய்த்து விலகினார். கை மீண்டும் வைக்கப்பட்டது. அவர் எழுந்து நின்றார். தேதி எனக்குச் சரியாக நினைவில்லை.

3. மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, மாலைத் தேநீர் இடைவேளை மணி அடித்துச் சற்று நேரத்திற்குப் பின், அவர் ஸ்டோர் அறைக்குள் சென்றார். அதன் கதவு என் மேசையிலிருந்து ஏறக்குறைய பதினைந்து அடி தொலைவில் உள்ளது. இடையில் மறைப்பு இல்லை. அடுத்துச் சூப்பர்வைசர் உள்ளே சென்றார். கதவு மூடப்பட்டது. வேலை நேரத்தில் அந்தக் கதவு மூடப்பட்டு நான் பார்த்ததில்லை. உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. இயந்திர ஓசையில் எதுவும் கேட்கவில்லை. நான் சுமார் பத்து உருப்படிகளைச் சரிபார்த்து முடிக்கும் நேரத்தில் அவர் வெளியே வந்தார். கையில் நூல்கண்டு இல்லை. அழுதுகொண்டிருந்தார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தார். சற்று நேரத்தில் சூப்பர்வைசரும் வெளியே வந்தார்.

4. அவர் நேராக என் மேசைக்கு வந்து, 'கையப் புடிச்சு இழுத்துட்டான்க்கா' என்றார். இது அவர் என்னிடம் சொன்னது.

5. மறுநாள் மதிய உணவு வேளையில் குடிநீர்க் குழாய் அருகே, சூப்பர்வைசர் அவரைப் பார்த்து, 'உங்க காலனி ஆளுங்கள உள்ள விட்டதே தப்பு, நீயெல்லாம் எங்கிட்ட பேசுறியா' என்று சொன்னதை நான் கேட்டேன். நான் மூன்றடி தொலைவில் நின்றேன். அயர்னிங் பிரிவைச் சேர்ந்த இருவரும், பக்கத்து லைன் டெய்லர் ஒருவரும் அங்கே இருந்தனர்.

6. இவற்றைத் தவிர வேறு எதையும் நான் நேரில் பார்க்கவில்லை.

7. ஸ்டோர் அறைக் கதவுக்கு எதிரே சுவரில் கேமரா உள்ளது. குழு அழைத்தால் நேரில் வந்து சொல்லத் தயாராக உள்ளேன்."

இதன் கீழே நாள், கையொப்பம், பணியாளர் எண், முகவரி ஆகியவை இடம்பெறும்.

ஏன் இது வலிமையானது

முதல் கடிதத்தைவிட இது குறைவாகவே குற்றம் சாட்டுகிறது. "பாலியல் துன்புறுத்தல்" என்ற சொல்லே இதில் இல்லை. எனினும் இதைப் படிக்கும் குழு உறுப்பினர் தாமாகவே ஒரு முடிவுக்கு நகர்கிறார். முடிவு எடுப்பது குழுவின் வேலை. அதற்கான பொருளைத் தருவதே சாட்சியின் வேலை.

வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்பது நம் சான்றுச் சட்டத்தின் பழைய விதி. பார்க்கத்தக்க ஒன்றைப் பற்றியதானால் பார்த்தவரே சொல்ல வேண்டும். கேட்கத்தக்கதானால் கேட்டவரே சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 55ஆம் பிரிவாகத் தொடர்கிறது. உள்ளகக் குழு இவ்விதிகளுக்குக் கண்டிப்பாகக் கட்டுப்பட்டதன்று. அரியானா அரசுப் பேருந்து நடத்துநர் ரத்தன் சிங் தொடர்பான வழக்கில், துறைசார் விசாரணைகளில் கேள்விப்பட்ட சான்றையும் அதற்கு நம்பகத்தன்மையும் வழக்கோடு நியாயமான தொடர்பும் இருந்தால் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் கூறியது. அதை நம்பி, கேட்டதைக் கண்டதாக எழுதிவிடக் கூடாது. "அவர் என்னிடம் சொன்னார்" என்று எழுதினால் குழு அதற்குரிய மதிப்பைத் தரும். கண்டதாக எழுதி, பின்னர் கேட்டது என்று தெரியவந்தால், இருந்த மதிப்பும் போய்விடும்.

நான்காம் பத்தி கேட்டதுதான். ஆனாலும் அது கடிதத்தில் இருக்க வேண்டும். நிகழ்வு நடந்த சில நொடிகளில், யோசித்துப் புனைய நேரமில்லாத நிலையில் சொல்லப்பட்ட சொல் அது. அத்தகைய உடனடிச் சொல்லை நிகழ்வின் ஒரு பகுதியாகவே சான்றுச் சட்டம் பார்க்கிறது. பின்னர் புகார்தாரர் குழுவின் முன் அதையே சொல்லும்போது, அச்சொல் அவருடைய வாக்குமூலத்திற்குத் துணை நிற்கும். இரண்டு வாரம் கழித்து வேனில் வரும்போது விரிவாகச் சொன்ன கதைக்கு இந்த மதிப்பு இல்லை. அதை விட்டுவிடுவதே நல்லது; அதைப் புகார்தாரரே தம் வாயால் சொல்லட்டும்.

மூன்றாம் பத்தியில் சாட்சி தாம் பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்கிறார். பலர் இங்கே அஞ்சுகிறார்கள், "பார்க்கவில்லை என்று எழுதினால் புகார் விழுந்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். விழாது. பூட்டிய அறைக்குள் நடப்பதற்குப் பெரும்பாலும் நேரடிச் சாட்சி இராது என்பதைக் குழுவும் அறியும். குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் ஐயத்திற்கு இடமில்லாத நிரூபணம் இங்கே தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்புக் கழகத்திற்கும் ஏ.கே. சோப்ராவுக்கும் இடையிலான வழக்கில், இத்தகைய புகார்களைக் குறுகிய நுணுக்கங்களில் சிக்கவைக்காமல், நிகழ்வின் முழுப் பின்னணியோடும் பரந்த வாய்ப்புகளோடும் பார்க்க வேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பின்தொடர்ந்து சென்றது, மூடாத கதவு மூடப்பட்டது, எடுக்கச் சென்ற நூல்கண்டு இல்லாமல் திரும்பியது, பிடித்திருந்த மணிக்கட்டு ஆகியவை சேர்ந்தே அந்தப் பின்னணியாகின்றன. நூல்கண்டு இல்லாத வெறுங்கை, "அவர் மிகவும் பாதிக்கப்பட்டிருந்தார்" என்ற வரியைக் காட்டிலும் அதிகம் பேசுகிறது.

நேரத்தையும் தேதியையும் சாட்சி கையாண்ட முறையும் கவனிக்கத்தக்கது. "4 மணி 17 நிமிடம்" என்று அவர் எழுதவில்லை. கடிகாரம் பார்க்காதவர் நிமிடக் கணக்குச் சொன்னால், கேமராப் பதிவில் மூன்று நிமிட வேறுபாடு தெரிந்தாலும் பொய்யர் ஆக்கப்படுவார். மணி அடித்ததையும், சம்பளம் வந்த நாளையும், உருப்படிகளின் எண்ணிக்கையையும் அவர் அளவாகக் கொள்கிறார். சம்பளம் வரவான நாளை வங்கிக் கணக்கு காட்டும்; இடைவேளை மணியைத் தொழிற்சாலை ஆவணம் காட்டும். நினைவில் இல்லாத தேதியை இல்லை என்று சொல்லிவிட்டார். மற்றவரின் புகாரைப் பார்த்துத் தேதியை நிரப்பிக்கொள்வது மிகவும் பொதுவான தவறு. புகாரில் தேதி தவறாக இருந்தால் அதே தவறு கடிதத்திலும் ஏறிவிடும். இரண்டும் ஒரே இடத்தில் எழுதப்பட்டவை என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் பத்தியிலுள்ள மெமோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை மறைத்தால், எதிர்மனுதாரர் தம் பதிலில் அதைத்தான் முதலில் எடுத்துவைப்பார். கடிதம் பழிவாங்கும் கருவி என்று வாதிடுவார். சாட்சியே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்த வாதத்தின் கூர் மழுங்கிவிடும். ஒரே வேனில் வருவதும் அப்படியே.

சாதிச் சொற்கள்: சுருக்கக் கூடாத இடம்

ஐந்தாம் பத்தி இன்னொரு சட்டத்தின் கதவைத் திறக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் கீழ் வரும் குற்றத்தை உள்ளகக் குழு விசாரிக்க முடியாது. அதற்குக் காவல் நிலையத்தில் தனிப் புகார் தேவை. ஆனால் அங்கேயும் இதே சாட்சிதான் வேண்டப்படுவார். ஆகவே கேட்ட சொற்கள் கேட்டபடியே இருக்க வேண்டும்.

அச்சட்டத்தின் 3(1) பிரிவில் அருகருகே உள்ள இரு உட்பிரிவுகளைப் பாருங்கள். (r) என்பது பொதுப் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதையும் மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. (s) என்பது பொதுப் பார்வையில் சாதிப் பெயரால் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. நம் எடுத்துக்காட்டில் சூப்பர்வைசர் எந்தச் சாதியின் பெயரையும் சொல்லவில்லை. "காலனி ஆளுங்க" என்றார். சாட்சி "சாதியைச் சொல்லித் திட்டினார்" என்று எழுதியிருந்தால், "எந்தச் சாதிப் பெயர்?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. உள்ளபடி எழுதியதால், (r) பிரிவின் கீழ் வாதிட வழி திறந்தே இருக்கிறது. தமிழ்நாட்டில் "காலனி" என்ற சொல் எந்தப் பொருளில் புழங்குகிறது என்பதை நிறுவுவதும் கடினமன்று. அது வசைச் சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்.

"பொதுப் பார்வை" என்பதன் பொருளை நீதிமன்றங்கள் தெளிவுபடுத்தியுள்ளன. நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது சொல்லப்பட்டது இவ்விரு உட்பிரிவுகளுக்குள் வராது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு முன்பு 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில், கட்டடத்திற்கு உள்ளே சொல்லப்பட்டாலும் பொதுமக்கள் சிலர் அங்கிருந்தால் போதும், ஆனால் அவர்கள் உறவினர்களாகவோ நண்பர்களாகவோ மட்டும் இருத்தல் கூடாது என்று விளக்கியது. நம் சாட்சி தம்மைத் "தோழி" என்று மட்டும் எழுதியிருந்தால், எதிர்த்தரப்பு இதைத்தான் பற்றிக்கொள்ளும். "ஒரே வேனில் வருகிறோம், உறவினர் அல்லர்" என்ற வரியும், அயர்னிங் பிரிவினரும் பக்கத்து லைன் டெய்லரும் அங்கிருந்தார்கள் என்ற வரியும் அந்த வாதத்திற்கு முன்கூட்டியே பதிலாகின்றன. உடனிருந்தவர்கள் சாட்சி சொல்ல வருவார்களா என்பது வேறு கேள்வி. அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதே நம் சாட்சி கண்ட உண்மை.

பட்டியல் சாதிப் பெண்ணை, அவர் அச்சாதியினர் என்று அறிந்தே, சம்மதமின்றிப் பாலியல் நோக்கில் தொடுவது (w) உட்பிரிவின்கீழ் தனிக் குற்றம். அதற்குப் பொதுப் பார்வை தேவையில்லை. "அறிந்தே" என்பதை நிறுவ, மறுநாள் சொன்ன "காலனி" என்ற சொல் உதவும். ஆனால் "தலித் என்பதாலேயே இப்படிச் செய்தார்" என்று சாட்சி எழுதக் கூடாது. அவர் மனத்திற்குள் இருந்ததைச் சாட்சி பார்க்கவில்லை. அந்த முடிவைக் காவல்துறையும் நீதிமன்றமும் சொற்களிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

குழுவுக்கு எழுதிய கடிதமும் காவல்துறையிடம் சொல்லும் வாக்குமூலமும் பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படிக்கப்படும். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் முளைத்திருந்தால் குறுக்கு விசாரணை அங்கேதான் தொடங்கும். எனவே முதல் கடிதம் முழுமையாகவும் மிகையின்றியும் இருப்பது இரண்டு களங்களுக்கும் தேவை.

எழுதும் முறை, தரும் முறை

கடிதத்தைச் சாட்சியே, புகார்தாரர் உடன் இல்லாதபோது, தம் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும். நான்கு பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்டுத் தரும் கூட்டுக் கடிதம் சங்கத்தின் கோரிக்கையாக மதிப்புடையது, சாட்சியமாக மதிப்பற்றது. நான்கு பேரும் நான்கு இடங்களில் நின்று பார்த்தவர்கள். அவர்களுடைய கடிதங்கள் சிறு விவரங்களில் மாறுபடுவது இயல்பு. அம்மாறுபாட்டைச் சரிசெய்ய முயலக் கூடாது. எழுதத் தெரியாதவருக்கு மாணவர் ஒருவரோ தோழர் ஒருவரோ எழுதித் தரலாம். அப்போது, "நான் சொல்ல இன்னார் எழுதினார், படித்துக் காட்டப்பட்டது, சரியாக உள்ளது" என்ற வரியும் எழுதியவரின் கையொப்பமும் இருக்க வேண்டும். எழுதித் தருபவர் அலங்காரத் தமிழைப் புகுத்திவிடக் கூடாது. சாட்சி பேசாத சொல் கடிதத்தில் இருந்தால், குழு அதற்குப் பொருள் கேட்கும்போது அவர் திணறுவார்.

கேமராவைப் பற்றிய வரியைக் காலம் தாழ்த்தாமல் செயலாக்க வேண்டும். பதிவுகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் தாமாகவே அழிந்து புதியவை ஏறிவிடுவது வழக்கம். பதிவைப் பாதுகாத்து வைக்குமாறு புகார்தாரர் குழுவுக்கும் நிர்வாகத்திற்கும் உடனே தனி விண்ணப்பம் தந்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்க வேண்டும்.

பொய்ச் சாட்சியம் பற்றிய அச்சத்தையும் இங்கே தீர்க்க வேண்டும். 14ஆம் பிரிவின்படி, பொய்யான சாட்சியமோ போலி ஆவணமோ தந்த சாட்சி மீது நடவடிக்கைக்குக் குழு பரிந்துரைக்கலாம். நிர்வாகங்கள் இப்பிரிவைக் காட்டி மிரட்டுவதுண்டு. புகாரை நிரூபிக்க முடியாமற்போனது மட்டுமே புகார்தாரர் மீது நடவடிக்கைக்குக் காரணமாகாது என்று அதே பிரிவு சொல்கிறது. சாட்சியைப் பொறுத்தவரை, "கதவு மூடப்பட்டதைப் பார்த்தேன்" என்று உண்மையாக எழுதியவருக்கு, உள்ளே நடந்தது நிரூபணமாகாவிட்டாலும் ஆபத்தில்லை. பார்க்காத கைபிடித்தலைப் பார்த்ததாக எழுதியவரையே இப்பிரிவு தொடும்.

ஆனால் பழிவாங்கலில் இருந்து சாட்சிக்கு இச்சட்டம் தரும் காப்பு போதாது. விசாரணைக் காலத்தில் இடமாற்றம், விடுப்பு போன்ற இடைக்கால நிவாரணங்களைக் கோரும் உரிமை 12ஆம் பிரிவில் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மட்டுமே உள்ளது. அதே சூப்பர்வைசரின் கீழ் நாளையும் வேலை செய்யப்போகும் சாட்சிக்கு இல்லை. பாதுகாப்பான பணிச்சூழலைத் தருவதும், சாட்சிகள் குழுவின்முன் வருவதற்கு உதவுவதும் 19ஆம் பிரிவின்படி முதலாளியின் கடமை என்பதைச் சுட்டி, விசாரணை முடியும்வரை தம் பணி மதிப்பீட்டை வேறொருவர் செய்யுமாறு சாட்சி தனிக் கடிதத்தில் கேட்கலாம். கேட்டால் கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. எனினும் கடிதம் தரும் நாளுக்கு முந்தைய சில மாதங்களின் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, உற்பத்திக் கணக்கு ஆகியவற்றின் படிகளை வீட்டில் வைத்துக்கொள்வது அவர் கையில் உள்ளது. சாட்சி சொன்ன மறுவாரமே "வேலை சரியில்லை" என்ற மெமோ வந்தால், அதற்கு முன் வேலை எப்படி இருந்தது என்பதை அவற்றைக் கொண்டே காட்ட முடியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாகியிருந்தால், 15அ பிரிவின்படி சாட்சிக்கு அச்சுறுத்தலிலிருந்து பாதுகாப்புக் கோரும் உரிமை உண்டு.

கடிதம் குழுவைத் தவிர வேறு எங்கும் செல்லக் கூடாது. புகார்தாரர், எதிர்மனுதாரர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடுவதை 16ஆம் பிரிவு தடை செய்கிறது. குழுவும் நிர்வாகமும் மீறினால் அபராதம் உண்டு. ஆதரவு திரட்டும் ஆர்வத்தில் சாட்சிக் கடிதத்தின் படத்தை வாட்ஸ்ஆப் குழுவில் பகிர்ந்தால், சாட்சியின் பெயர் லைன் முழுதும் பரவிவிடும். அதைப் படித்த பின் எழுதப்படும் மற்றவர்களின் கடிதங்களும் கறைபட்டவையாகும். கையொப்பமிட்ட கடிதத்தின் ஒரு படியைச் சாட்சி வைத்துக்கொண்டு, குழுவின் தலைமை அலுவலரிடமோ உறுப்பினரிடமோ நாளிட்ட ஒப்புகை பெற வேண்டும். விசாரணைக்குச் செல்லும் முன்தினம் மாலை அந்தப் படியை ஒருமுறை படித்துக்கொண்டால் போதும். மனப்பாடம் செய்ய அதில் எதுவுமில்லை, பார்த்ததைத்தானே எழுதியிருக்கிறார்.